குடும்ப நலம்: பசியாறாத காலையும் இறுகும் மலமும்



கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்தத் திங்களின் பேச்சுக்கு வித்திட்டது. அகவை முப்பத்தாறு, மூன்று பிள்ளைகளின் தாய். நான்கு நாட்களுக்கு ஒரு முறைதான் மலம் கழிகிறது என்றும், அதுவும் ஆட்டுப் புழுக்கை போல் உருண்டை உருண்டையாய் வெளிப்படுகிறது என்றும் எழுதியிருந்தார். "கீரை உண்கிறேன், வாழைப்பழம் உண்கிறேன், நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் குடித்துப் பார்த்துவிட்டேன். இன்னும் நான் எதைத்தான் உண்பது?" என்பது அவருடைய கேள்வி.

எதை உண்பது என்று அவர் கேட்டார். எப்போது உண்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். மூன்று நாட்களுக்கு, வாயில் வைத்த ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்து அனுப்பும்படி வேண்டினேன். மலம் கழிக்கும் உணர்வு எப்போது தோன்றியது, அப்போது என்ன செய்து கொண்டிருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

வந்த குறிப்பில் முதல் நாள் இவ்வாறிருந்தது. காலை 4.45க்கு எழுந்து ஸுப்ஹு தொழுதபின் ஒரு குவளைத் தேநீர். 5.30 அளவில் மலம் கழிக்கும் உணர்வு இலேசாக வந்தது. அடுப்பில் மாவு அவிந்து கொண்டிருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். எட்டு மணிக்குப் பிள்ளைகள் குளியலறையில். 8.15க்கு எல்லாரும் வெளியேறினர். பின்பு துணி துவைத்தல், மதியச் சமையல். பதினொன்றுக்குப் பிள்ளைகள் மிச்சம் வைத்த இரண்டு இடியப்பத்தை நின்றபடியே வாயில் போட்டுக் கொண்டார். மதியச் சோறு 3.10க்கு, "ஆறு நிமிடம்" என்று அவரே எழுதியிருந்தார். மாலையில் தேநீரும் பிஸ்கட்டும். கணவர் கடை அடைத்து வந்தபின் இரவு 9.45க்குத்தான் வயிறு நிறைய உணவு. மறுநாள் மதிய உணவு 1 மணிக்கு; மூன்றாம் நாள் 3.30க்கு. காலைப் பசியாறல் மூன்று நாளும் இல்லை.

இதில் என்ன பிழை என்று பலர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண்மணிகளின் நாட்குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிழையை அறியப் பெருங்குடலின் வேலை முறையைச் சற்றே தெரிந்து கொள்ள வேண்டும்.

சிறுகுடலிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்மம் பெருங்குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதி நீரைப் பெருங்குடல் உறிஞ்சிக் கொண்டு, எஞ்சிய சிறு பகுதியை மட்டும் மலத்தோடு வெளியேற விடுகிறது. மலம் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அதிலிருந்து நீர் இழுக்கப்படுகிறது. ஆகவே இறுகிய மலம் என்பது பெரும்பாலும் தாமதித்த மலம். நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தும் அச்சகோதரிக்குப் பயன் கிட்டாததன் காரணமும் இதுவே. உடலில் நீர் குறைந்திருந்தால் தண்ணீர் உதவும். குறைவில்லாதபோது மேலும் மேலும் குடிப்பதை உடல் உறிஞ்சிச் சிறுநீராய்க் கழித்துவிடும். குடலில் காத்திருக்கும் மலத்தை அது மென்மையாக்காது.

அப்படியாயின் மலத்தை முன்னே தள்ளுவது எது? பெருங்குடல் நாள் முழுதும் ஒரே சீராய்த் தள்ளிக் கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான நேரம் உள்ளிருப்பதை இங்குமங்கும் புரட்டிக் கொண்டு கிடக்கும். நாளில் சில முறைதான் ஒரு முனையிலிருந்து அலை போல் எழுந்து, உள்ளதை நெடுந்தூரம் நகர்த்திவிடும். இரவில் நாம் உறங்கும்போது பெருங்குடலும் ஏறக்குறைய உறங்கிவிடுகிறது. நாம் விழித்தவுடன் அதுவும் விழிக்கிறது. அந்நேரத்தில் இரைப்பைக்குள் உணவு விழுந்தால், இரைப்பை விரிவடைவதை நரம்புகளும் சுரப்புகளும் பெருங்குடலுக்கு அறிவிக்க, வலுவான அலை எழுகிறது. இது நம் விருப்பத்தைக் கேளாமல் நடைபெறும் அனிச்சைச் செயல். உண்ணத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தொடங்கி, முக்கால் மணி, ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். கைக்குழந்தை பால் குடித்த கையோடு துணியை நனைப்பதைக் காணாத தாய் உண்டா? அதே செயல்தான் பெரியவர்களிடமும் இருக்கிறது. நாம்தான் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

விழிப்பின் உந்துதலும் முதல் உணவின் உந்துதலும் ஒன்று சேர்வதால் காலை வேளையே பெருங்குடலுக்கு வாய்ப்பான வேளை. பசியாறாமல் விடுபவர் இரண்டில் ஒன்றை இழந்து விடுகிறார். வெறும் தேநீரும் ஒரு பிஸ்கட்டும் இவ்விடத்தை நிரப்பமாட்டா. எழும் அலையின் வலு உணவின் அளவையும் அதிலுள்ள கொழுப்பையும் பொறுத்தது. காபி மட்டும் அருந்தியே சிலருக்குக் குடல் அசைவதுண்டு, எல்லாருக்கும் அவ்வாறில்லை.

இனி அந்த 5.30 மணி உணர்வுக்கு வருவோம். மலக்குடலுக்குள் மலம் வந்து அதன் சுவர் விரியும்போது தோன்றும் அழைப்பு அது. அடக்கினால் சில நிமிடங்களில் சுவர் தளர்ந்து கொடுத்து உணர்வு அடங்கிவிடும். ஆனால் மலம் அங்கேயே இருக்கும், நீரும் இழுக்கப்பட்டுக் கொண்டிருக்கும். மறுபடி வலுவான அழைப்பு வரவேண்டுமாயின் நல்லதோர் உணவு உள்ளே செல்ல வேண்டும். அவருக்கோ அது மதியம் மூன்று மணிக்குத்தான், அதுவும் நாளுக்கொரு நேரத்தில். உணவு வேளை இப்படி மாறிக்கொண்டே இருந்தால், குடலுக்கென்று ஒரு நேரம் பழக்கப்படுவதற்கு வழியில்லாமல் போகிறது. மாதக்கணக்கில் அழைப்பை அடக்கி வந்தால் மலக்குடல் விரிந்தே பழகி, சிறிதளவு மலத்திற்கு உணர்வே எழாத நிலையும் உண்டாகலாம்.

விரைந்து உண்பதைப் பற்றியும் கேட்பீர்கள். இம்மூன்றில் அதன் பங்கே சிறியது என்பது என் கருத்து. ஆறு நிமிடத்தில் உண்டதனால் மட்டும் எவருக்கும் மலம் இறுகிவிடாது. எனினும் நிதானமாய் மென்று உண்ணும்போது, உணவு இரைப்பையை அடையுமுன்பே, அதன் மணமும் சுவையும் மெல்லுதலும் குடலை அசையத் தூண்டத் தொடங்குகின்றன. அள்ளி விழுங்குபவர் காற்றையும் சேர்த்தே விழுங்குகிறார்; வயிறு உப்பி, ஏப்பம் வந்து, அடுத்த வேளை உணவைத் தள்ளிப் போடுகிறார். தட்டில் மெல்ல வேண்டியவற்றை, அதாவது கீரைத் தண்டையும் காய்களையும், ஒதுக்கிவிட்டு எழுகிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, அவசரமாய் உண்டவர் அவசரமாய் எழுந்து வேலைக்குப் போகிறார். குடல் அழைக்கும்போது அவர் அழைப்பைக் கேட்கும் இடத்தில் இருப்பதில்லை.

சகோதரியின் கடிதத்தில் என்னைக் கவலை கொள்ளச் செய்தது வேறொரு செய்தி. மலத்தின் மேல் இரத்தக் கீற்று. கழித்தபின் ஒரு மணி நேரம் கீறலாய் வலி. அந்த வலிக்கு அஞ்சி, மலம் குறையட்டும் என்று உணவையே குறைத்துக் கொண்டிருந்தார். உணவு குறையக் குறைய அழைப்பும் குறைந்தது, மலமும் மேலும் இறுகியது. வாரந்தோறும் நிலாவாரைப் பொடி வேறு. பொடி குடலை முற்றாகக் காலி செய்துவிடும். காலியான குடல் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாட்களாவது ஆகும். அந்நாட்களில் மலம் வராதது இயல்பு. அதைச் சிக்கல் என்று எண்ணி அவர் மீண்டும் பொடியைத் தேடினார்.

இரத்தம் கண்டவர் தபாலில் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பரிசோதித்த பெண் மருத்துவர் ஆசனவாய் வெடிப்பு என்று உறுதி செய்து, மலத்தை இளக்க லாக்டுலோஸ் திரவமும், வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருக்கும்படியும் எழுதிக் கொடுத்தார். புண் ஆறும் வரை மலம் இளகியிருப்பது இன்றியமையாதது. நேர ஒழுங்கு மட்டும் அதற்குப் போதாது.

நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலையில் உண்ணுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வீட்டில் கழிவறை ஒன்றுதான், 8.15க்கு முன் அது அவருக்குக் கிடைப்பதில்லை. வீடு அமைதியாகும் நேரத்தையே பிடித்துக் கொண்டோம். 8.20க்கு அமர்ந்து மூன்று இடியப்பமும் கடலைக் கறியும், இருபது நிமிடம். துணி துவைப்பது அதற்குப் பிறகுதான். 8.50க்கு, உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கழிவறை. பத்து நிமிடத்திற்கு மேல் வேண்டாம், முக்கவும் வேண்டாம். வராவிட்டால் எழுந்துவிட வேண்டியது. அவர்கள் வீட்டில் குந்தி அமரும் பீடம். நாற்காலி போன்ற பீடமுள்ளவர்கள் காலடியில் சிறு பலகை வைத்து முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்திக் கொண்டால் பாதை நேராகும். அதிகாலையில் அழைப்பு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போக வேண்டும். மதிய உணவு ஒன்றரை மணிக்கு, அரைமணி முன்பின் ஆகலாம். பொடி நிறுத்தம்.

முதல் வாரம் அவருக்கு ஏமாற்றம்; ஏழு நாளில் இரண்டே முறை. இரண்டாம் வாரம் மூன்று முறை. நான்காம் வாரத்தில் ஐந்து நாட்கள், உருண்டைகள் ஒன்றுசேர்ந்து வாழைப்பழ வடிவில். பின்பு உறவினர் கல்யாண வீட்டில் மூன்று நாள். பசியாறாமல் ஓடியாடி, மதியம் மூன்று மணிக்குப் பிரியாணி. நான்காம் நாள் பழைய புழுக்கை திரும்பிவிட்டதாய் எழுதினார். வீடு திரும்பி ஐந்தாறு நாட்களில் சரியானது.

நோன்புக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரமளானில் வேளைகள் இடம் மாறினாலும் அவை ஒழுங்கானவை. முதல் சில நாட்கள் தடுமாறும் குடல், பலருக்கு ஸஹர் உணவுக்குப் பின் ஒரு நேரத்தைப் பழகிக் கொள்ளும். இடர்ப்படுபவர் ஸஹரை விட்டுவிட்டு உறங்குபவரும், இஃப்தார் முதல் ஸஹர் வரையுள்ள பொழுதில் போதிய நீர் அருந்தாதவரும்தான்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக் கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவு வேளையை மாற்ற வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரை, சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகள், தைராய்டுக் குறைவு ஆகியவையும் மலத்தை இறுக்கும். அவர்களுக்குப் பசியாறல் மட்டும் தீர்வாகாது. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாய் மலப்போக்கு மாறினாலோ, எடை குறைந்தாலோ, இரத்த சோகை காணப்பட்டாலோ நாட்குறிப்பு எழுதிக் கொண்டிராமல் உடனே பரிசோதனைக்குச் செல்லுங்கள். வயிறு உப்பி, வாந்தியுடன் காற்றும் பிரியாதிருந்தால் அன்றே மருத்துவமனைக்கு.

அச்சகோதரியின் கடைசிக் கடிதம் சென்ற வாரம் வந்தது. இப்போது 8.20க்கு அண்டை வீட்டு லாத்தாவும் தம் தட்டோடு வந்துவிடுகிறாராம். "பேச்சுத் துணை இருப்பதால் இருபது நிமிடம் அரைமணியாகிவிட்டது, துணி பத்து மணிக்குத்தான் காய்கிறது" என்று எழுதியிருக்கிறார்.