தேடினால் கிடைக்குமா?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளிடம், ‘தாள் கோவைகளை மூட்டை கட்டிவிடுங்கள், எல்லாவற்றையும் கைத்தொலைபேசிச் செயலியில் ஏற்றுங்கள்’ என்று உபதேசிப்போர் எங்கள் கல்முனைக் கரையோரத்திலும் பெருகிவிட்டனர். குறிச்சொல் இடலாம், நொடியில் தேடலாம், எந்தக் கருவியில் திறந்தாலும் ஒத்திசைந்து நிற்கும் என்பது அவர்களது வாதம். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து படிப்பவருக்கு இது பெரும்பாலும் சரி. தமிழ்மொழி மூலம் அரசறிவியல் படிக்கும் மருதமுனைப் பிள்ளைக்கு இது பாதிதான் சரி. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

13ஆவது திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். 1987இல் நிறைவேறிய அந்தத் திருத்தம் பற்றிய குறிப்பு பிள்ளையிடம் மூன்று வடிவங்களில் இருக்கும். ஒன்று, வகுப்பில் கையால் எழுதியது. அதைப் படம் பிடித்துச் செயலியில் போடுகிறார். அது வெறும் படம். அச்செழுத்தைப் படித்தறியும் கருவிகள் தமிழுக்கு உண்டு. ஆனால் அவசரத்தில் எழுதிய தமிழ்க் கையெழுத்தை நம்பகமாகப் படிக்கும் என்று எண்ணிப் பரீட்சைக்குப் போக முடியாது.

இரண்டாவது, தனியார் வகுப்பில் தரும் ‘டியூட்’. அதன் பிடிஎஃப் பிரதி கையில் இருந்தால் தேடல் வேலை செய்யும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் இலங்கையில் தமிழ்த் தட்டச்சு நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் ஊறிக் கிடந்தது. இன்னும் முற்றாக வெளிவரவில்லை. (பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் அதில் பங்குண்டு.) பாமினியில் கண்ணுக்குத் ‘திருத்தம்’ என்று தெரிவதைக் கணினி இப்படித்தான் சேமித்து வைத்திருக்கிறது:

```
jpUj;jk;
```

யுனிகோட்டில் ‘திருத்தம்’ என்று தேடினால் இது எப்படி அகப்படும்? கண்டறிவது எளிது. பிடிஎஃப்பிலிருந்து ஒரு சொல்லைப் பிரதி செய்து குறுஞ்செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியல் வந்தால் அது பாமினி. எழுத்துரு மாற்றியில் இட்டு யுனிகோட்டாக்கினாலன்றி அந்த டியூட் தேடலுக்கு உதவாது.

மூன்றாவது, பிள்ளை தானே யுனிகோட்டில் தட்டச்சுச் செய்த குறிப்பு. இங்கேயும் தமிழ் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. குறிப்பில் ‘திருத்தத்தை’, ‘திருத்தத்தின்’ என்று இருக்கும். எழுத்துத் தொடரை அப்படியே ஒப்பிடும் செயலியில் ‘திருத்தம்’ என்று தேடினால் இவை வரா. ‘திருத்த’ என்று அடிச்சொல்லோடு நிறுத்தினால் எல்லாம் வரும். முழுச் சொல்லை மட்டும் ஒப்பிடும் செயலியில் அதுவும் வராது. தேடல் வெறுமையாய்த் திரும்பினால் ‘குறிப்பு இல்லை’ என்று நம்பிவிடுவதுதான் ஆபத்து.

ஒத்திசைவுக்கு வருவோம். 2023 டிசம்பரில் எவர்நோட் தன் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகள், ஒரே குறிப்பேடு என்ற எல்லைக்குள் அடக்கியது. பழையவற்றைப் படிக்கவோ வெளியே எடுக்கவோ தடையில்லை. மேற்கொண்டு எழுதத்தான் பணம். இரண்டு வருடப் பாடத்திட்டம் 50 குறிப்புகளில் அடங்குமா? தாள் கோவை இப்படி நடுவழியில் நிபந்தனையை மாற்றுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோதும் அதைத் திறக்க முடிந்தது.

‘சுனாமியை மறந்தீரா?’ என்பார்கள். மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டந்தான். வீடுகள் போன இடத்தில் தாள்கள் எம்மாத்திரம்! கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வாழ்கிறவர்கள் ஒரே பிரதியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். படம் பிடித்து மேகத்தில் வைப்பது அதற்காகத்தான், தேடுவதற்காக அன்று. இவ்விரண்டையும் குழப்புவோருடனேயே என் சண்டை.

ஆகவே நான் சொல்வது இது. எழுத்து தாளில் இருக்கட்டும், அட்டவணை மட்டும் செயலிக்குப் போகட்டும். பாடத்துக்கொரு கோவை, ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையிலும் இலக்கம். அரசறிவியல் கோவையின் 17ஆவது தாள் என்றால் ‘அர-17’. செயலியில் அந்தத் தாளுக்கு ஒரேயொரு வரி: ‘அர-17 திருத்தம் 13, 1987, மாகாண சபை, அதிகாரப் பரவலாக்கம்’. சொற்களை எப்போதும் வேற்றுமை உருபின்றி எழுத வேண்டும். அப்போதுதான் ‘திருத்தம்’ என்று தேடினாலும் அகப்படும். ஒரு பாடத்தின் வரிகள் அனைத்தும் ஒரே குறிப்பில் அடங்கும். 50 என்ற எல்லையும் சுடாது. குறிச்சொற்களைப் பாடப்பெயரோடு நிறுத்துங்கள். ‘முக்கியம்’, ‘மிக முக்கியம்’ என்று பெருக்கியவர்கள் பின்னர் எதை எதில் போட்டோம் என்று தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அட்டவணையைக் கைத்தொலைபேசியில் மட்டுமே திருத்துங்கள். இணைப்பில்லாத வேளையில் இரண்டு கருவிகளில் ஒரே குறிப்பைத் திருத்தினால், பின்னர் இரு பிரதிகளாக வந்து நிற்கும். அல்லது ஒன்று மற்றதை விழுங்கிவிடும். மாதக் கடைசியில் புதிய தாள்களைப் படம் பிடித்து, கோப்புக்கு ‘அர-17’ என்றே பெயரிட்டு ஏற்றுங்கள். அதே நாளில் அட்டவணையையும் சாதாரண உரைக் கோப்பாக வெளியே எடுத்து வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களோ கேள்விக்குறிகளோ தெரிந்தால், பரீட்சைக்கு முன்பே வேறு செயலி தேடிக்கொள்ளலாம்.