எல்லாருக்கும் அர்ஜென்ட், யாருக்குத்தான் அர்ஜென்ட்?

போன வருஷம் எங்க அக்கா மகளுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'அர்ஜென்ட் ஓப்பனிங், இமீடியட் ஜாயினர்ஸ் ஒன்லி.' கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாமா மாமான்னு கேட்டாள். நான்தான் தடுத்தேன். "கேட்காத மக்களே, கைவிட்டுப் போயிரும்." ஃபோனில் ஓகே சொன்னதை நம்பி அவளும் பேப்பர் போட்டுட்டாள். அப்புறம்? 'கிளையன்ட் அப்ரூவல் பெண்டிங்' என்று ஜாயினிங் தேதி தள்ளிக்கிட்டே போச்சு. 2 மாசம் சம்பளமில்லாம மார்த்தாண்டம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆளே தேவைப்படாத இடத்துக்கு எதுக்குங்க அர்ஜென்ட்?

விசாரிச்சுப் பார்த்த பிறகுதான் புரிஞ்சது. ப்ராஜெக்ட் கைக்கு வருமுன்னாலேயே, வந்தால் உதவும்னு ஆள் சேர்த்து வைக்கிற கம்பெனிகள் இருக்கு. நடுவில் நிற்கும் கன்சல்டன்சிக்கு, ஆள் சேர்ந்தால் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம், கமிஷனாகக் கிடைப்பது வழக்கம். நீங்க போராடி வருஷத்துக்கு 40,000 ரூபாய் கூட வாங்கினால் கன்சல்டன்சிக்குக் கூடுவது 3,333 ரூபாய்தான். நீங்க கைநழுவிப் போனால் மொத்தமும் போச்சு. அதனால் எல்லா வேலைக்கும் அதே 'அர்ஜென்ட்'டை ஒட்டி அனுப்புறாங்க. பயப்படுறது நம்ம பிள்ளைங்க!

எங்க அப்பா ரப்பர் ஷீட் விற்ற காலத்தில் ஒண்ணு சொல்வார். சரக்கு வேணும்னு கடையில் இருந்து சொல்ற வியாபாரி வேற, வாசலுக்கு வண்டி அனுப்புற வியாபாரி வேற. இங்கேயும் வண்டி வருதான்னுதான் பார்க்கணும். நிஜ அவசரம் இருந்தால் பேச்சில் தேதி இருக்கும். 'எல்.டபிள்யூ.டி என்ன? நோட்டீஸைக் குறைக்க முடியுமா? பைஅவுட் உண்டா?' என்று குடைவாங்க. இன்னைக்கே இன்டர்வியூ ஸ்லாட் தருவாங்க, மேனேஜரே லைனில் வருவார். சி.வி-யை வாங்கிட்டு 10 நாள் மூச்சு காட்டலைன்னா, அந்த அர்ஜென்ட்டை மறந்துடுங்க.

மறுபடி ஒரு வேலையில் இருந்தவளுக்கு இந்த வருஷம் இன்னொரு அழைப்பு. முதல் கேள்வியே, "அடுத்த மாசம் 1-ஆம் தேதி ஜாயின் பண்ண முடியுமா?" மறுநாளே 2 ரவுண்டும் முடிஞ்சது. அவள் வாங்கிட்டிருந்தது 4.8 லட்சம், கேட்டது 6.8. "பட்ஜெட் கொஞ்சம் டைட், நெகோஷியபிளா?" என்றார் ரெக்ரூட்டர். அவள் பதறிட்டாள். நான் இந்தத் தடவை தடுக்கலை. தொகை எட்டாத தூரத்தில் இருந்தால் பதிலே வந்திருக்காது. குறைப்பியான்னு கேட்கிறாங்கன்னா பக்கத்தில்தான் இருக்கோம்.

ஆஃபர் 6.2 லட்சம். அதில் 60,000 வேரியபிள், கைக்கு வந்தால்தான் நிச்சயம். "இந்த கிரேடுக்கு பேண்ட் இவ்வளவுதான்" என்றார். இந்த வாக்கியத்தைக் கவனிங்க. 'மேல கேட்டுச் சொல்றேன்' என்றிருந்தால் சம்பளத்திலேயே நகர இடமிருக்கு, தலையாட்ட ஒருத்தர் மேலே இருக்கார்னு அர்த்தம். 'பேண்ட்' என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியாச்சு. ஏத்தினால் அங்கே ஏற்கெனவே இருக்கிறவங்க சம்பளத்தோட முட்டும். ஆனால் ஜாயினிங் போனஸும் நோட்டீஸ் பைஅவுட்டும் ஒரு தடவை கொடுக்கிற பணம். பேண்டில் இடிக்காது. அவசரம் இருக்கிற இடத்தில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அவளுக்கு நோட்டீஸ் 60 நாள். "30 நாளில் வரணும்னா மீதி நாளுக்கான பைஅவுட்டை நீங்க கட்டணும். வேரியபிளையும் ஃபிக்ஸடில் சேருங்க" என்று மெயில் போட்டாள். மத்தியானமே பதில் வந்தது. வேரியபிள் நகராது, பைஅவுட் தர்றோம், 30,000 ஜாயினிங் போனஸும் உண்டு. வருஷத்துக்குள்ள விலகினால் போனஸைத் திருப்பித் தரணும். பயந்து வாயை மூடியிருந்தால் இதில் ஒரு ரூபாயாவது வந்திருக்குமா? போன வருஷம் நான் மூட வச்சேனே, அதை நினைச்சால் இன்னைக்கும் நெஞ்சு எரியுது.

"இப்பவே ரிசைன் பண்ணிடுங்க, லெட்டர் வந்துட்டே இருக்கு" என்று 3 தடவை ஃபோன். அதே அவசரம், அதே குரல்! "பைஅவுட்டும் போனஸும் லெட்டரில் இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிட்டு அவள் பேசாம இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லெட்டர் வந்தது. ஜாயினிங் தேதியையும் ரெண்டு தொகையையும் நானும் அவளும் விரல் வச்சுப் படிச்சோம். திங்கட்கிழமைதான் பேப்பர் போட்டாள்.