படத்தில் இருக்கும் மோட்டார் எது, என்ன விலை?

வானொலியில் வேலை செய்பவனுக்குப் பாட்டு கேட்டுத்தான் குறுஞ்செய்தி வரும் என்று நினைப்பீர்கள். எனக்கு மோட்டார் படங்களும் வரும். நிகழ்ச்சியில் ஒருமுறை பழைய மோட்டார்களைப் பற்றிப் பேசினேன். அன்றிலிருந்து, "அண்ணே, இது என்ன மாடல்? எவ்வளவு கொடுக்கலாம்?" என்று படம் அனுப்பும் தம்பிமார் குறையவே இல்லை. அந்தப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே வண்டிதான்: யமாஹா ஆர்.எக்ஸ்.இசட்.

இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 1980களின் நடுவில் நம் நாட்டுக்கு வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2011இல் நின்றுவிட்டது. புதிதாக வாங்க முடியாது, ஆனால் ஆசை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. திரெங்கானுவில் அதன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கூடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அன்று கடையில் விற்ற விலையைவிட இன்று பழைய வண்டிக்கு அதிகம் கேட்கிறார்கள். விலை இப்படி ஏறியிருக்கும்போது, படத்தில் இருப்பது உண்மையில் எந்த வண்டி என்று தெரியாமல் முன்பணம் கட்டுவது ஆபத்து.

படத்தைப் பார்த்து அடையாளம் காண மூன்று இடங்கள் போதும். எக்சோஸ், பெட்ரோல் டேங்க், முன்விளக்கு. எல்லாரும் முதலில் முன்விளக்கைத்தான் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். காரணத்தை ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தம்பி ரவாங்கில் இருக்கிறார். முதல் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. அவர் அனுப்பிய விளம்பரப் படத்தின் கீழே, "ஆர்.எக்ஸ்.இசட். கேட்டலைசர், 2008, விலை 13,500 வெள்ளி, 500 வெள்ளி கட்டினால் பிடித்து வைக்கிறேன்" என்று இருந்தது. படம் வலது பக்கத்திலிருந்து எடுத்தது. அது நல்லது, ஏனென்றால் இந்த வண்டியின் எக்சோஸ் வலது பக்கம்தான் இருக்கிறது.

எக்சோஸிலிருந்து தொடங்கினேன். சிலிண்டரின் முன்னால் இறங்கும் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். நான்கு வீச்சு இயந்திரம் என்றால் அந்தக் குழாய் ஒரே பருமனில் வளைந்து வந்து சைலன்சரில் சேரும். இரண்டு வீச்சு இயந்திரத்தில் குழாய் இயந்திரத்துக்குக் கீழே வரும்போது வயிறு போலப் புடைத்து, பிறகு மறுபடியும் மெலியும். இது அழகுக்காகச் செய்தது அல்ல. வெளியே போகும் புகையின் அழுத்த அலை அந்தப் புடைப்பின் கடைசியில் மோதித் திரும்பி வந்து, சிலிண்டரை விட்டு நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை உள்ளே தள்ளுகிறது. புகை வெளியேறும் பக்கம் வால்வு இல்லாத இயந்திரத்துக்கு இந்தக் குழாய்தான் பாதி வால்வு மாதிரி. தம்பியின் படத்தில் அந்த வயிறு தெளிவாகத் தெரிந்தது. ஆக, இரண்டு வீச்சு. சிலிண்டரைச் சுற்றிக் காற்றில் குளிரும் தகடுகள் மட்டும்தான், ரேடியேட்டர் இல்லை. அதுவும் 133 சிசி கொண்ட ஆர்.எக்ஸ்.இசட்டுக்குப் பொருந்தியது.

ஆனால் ஒரு சந்தேகமும் அங்கேயே எழுந்தது. கம்பெனி எக்சோஸ் நீளமாக, பின் சக்கரம் வரை போகும். இந்தப் படத்தில் சைலன்சர் குட்டையாக, வெள்ளை அலுமினியத்தில் பளபளத்தது. கடையில் வாங்கி மாட்டியது என்று அர்த்தம். கேட்டலைசர் என்ற பெயரே, புகையைச் சுத்தம் செய்யும் பாகம் எக்சோஸுக்குள் இருப்பதால் வந்தது. எக்சோஸை மாற்றிவிட்டால், அந்தப் பெயருக்கான சாட்சி வண்டியில் இல்லை.

அடுத்து பெட்ரோல் டேங்க். இருக்கைக்கு முன்னால், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் டேங்க் இருந்தாலே அது கப்சாய் வகை இல்லை என்று தெரிந்துவிடும். அதன் பிறகு டேங்கின் கோடுகளைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் ஆர்.எக்ஸ்.100 பார்த்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ஆர்.எக்ஸ்.100இன் டேங்க் உருண்டையாக, இருக்கையோடு சேராமல் தனியாக உட்கார்ந்திருக்கும். முன்விளக்கும் வட்டம். ஆர்.எக்ஸ்.இசட்டின் டேங்க் கோணமானது. பக்கவாட்டில் ஒரு மடிப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு இருக்கைக்குக் கீழே இருக்கும் பக்க மூடியோடு சேர்ந்து பின்பக்கம் வரை போவதுபோல் தெரியும். தம்பியின் படத்தில் அந்தக் கோடு இருந்தது. வண்டி ஆர்.எக்ஸ்.இசட். என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

ஆனால் டேங்கின் நீலமும் பக்க மூடியின் நீலமும் ஒன்றாக இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூடி கொஞ்சம் கறுத்த நீலம். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் சாயம் அடித்த பாகங்கள் ஒரே வெயிலில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வெளுக்கும். வேறு வேறாக வெளுத்திருந்தால் ஏதோ ஒன்று பிறகு வந்து சேர்ந்திருக்கலாம்.

இப்போது முன்விளக்கு. பழைய ஆர்.எக்ஸ்.இசட்டுக்குச் செவ்வக விளக்கு. 2004இல் கேட்டலைசர் வந்தபோது முகம் மாறியது. விளக்கின் ஓரங்கள் வளைந்தன, கண்ணாடி தெளிவாகி உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் வெளியே தெரியத் தொடங்கியது. தம்பியின் படத்தில் புது முகம்தான். "அப்படியென்றால் 2004க்குப் பிறகு வந்த வண்டிதானே அண்ணே?" என்று கேட்டார்.

இங்கேதான் கவனம் வேண்டும். மூன்றிலும் முன்விளக்குதான் மாற்றுவதற்கு மிகச் சுலபம். பட்டறையில் ஒரு மத்தியானம் போதும். எக்சோஸும் அப்படியே. டேங்க்கை மாற்றச் செலவு அதிகம், அதனால் அது கொஞ்சம் நம்பகமான சாட்சி. ஆகவே, முன்விளக்கு சொல்வதை மற்ற இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் நான் ஏற்பேன். இந்தப் படத்தில் எக்சோஸ் வெளியே வாங்கியது, டேங்கும் மூடியும் ஒத்துப்போகவில்லை, முகம் மட்டும் புதிது. படம் "ஆர்.எக்ஸ்.இசட்." என்று உறுதியாகச் சொல்கிறது. "2008" என்று சொல்லவில்லை.

பதிவு எண் இதற்கு உதவும். நம் நாட்டில் ஒவ்வொரு மாநிலத்திலும் எண் தட்டின் எழுத்துகள் வரிசையாகத்தான் போகின்றன. உங்கள் வீட்டில் 2008இல் சிலாங்கூரில் பதிந்த கார் இருந்தால், அதன் எழுத்துகளோடு மோட்டாரின் எழுத்துகளை ஒப்பிட்டாலே முன்னா பின்னா என்று தெரிந்துவிடும். சிறப்பு எண் வாங்கியவர்கள் விதிவிலக்கு. தம்பியின் படத்தில் எண் தட்டு மறைக்கப்பட்டிருந்தது. பலர் பாதுகாப்புக்காக மறைப்பார்கள், அதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். கேட்டால் போதும்.

எனவே முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று படங்கள் கேட்கச் சொன்னேன். முதலாவது, இருக்கையின் மேல் இன்றைய நாளிதழை வைத்து எடுத்த படம். வண்டி உண்மையில் விற்பவரிடம்தான் இருக்கிறது, இணையத்திலிருந்து எடுத்த படம் இல்லை என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது, கிராண்ட் என்று நாம் சொல்லும் பதிவுச் சான்று. சொந்த விவரங்களை மறைத்துக்கொள்ளலாம். பதிவு ஆண்டு, இயந்திர எண், சட்ட எண் ஆகியவை மட்டும் தெரிந்தால் போதும். மூன்றாவது, வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை அருகிலிருந்து எடுத்த படம்.

விற்பவர் மறுநாளே மூன்றையும் அனுப்பினார். கிராண்டில் பதிவு ஆண்டு 1996. விற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் வாங்கும்போதே புது முகம் மாட்டியிருந்ததாம். 2008 என்று தன்னிடம் சொன்னதைத்தான் அவரும் எழுதியிருக்கிறார். பழைய வண்டிச் சந்தையில் இப்படித்தான் ஒருவர் வாய்ச்சொல் அடுத்தவர் விளம்பரமாகிறது.

இனி விலை. அந்த நேரத்தில் விளம்பரங்களில் கேட்ட விலையைத் தோராயமாக மூன்று தட்டாகப் பிரிக்கலாம். ஓடும், ஆனால் பாகங்கள் கலந்திருக்கும் வண்டிக்கு 6,000 முதல் 9,000 வெள்ளி. பெரும்பாலும் அசலாக, கிராண்ட் சுத்தமாக இருந்தால் 10,000 முதல் 15,000. கம்பெனி எக்சோஸ், கம்பெனி சாயம் என்று எல்லாம் அப்படியே இருந்தால் 18,000க்கு மேல் கேட்டார்கள். இது கேட்கும் விலை. கைமாறும் விலை பெரும்பாலும் இதைவிடக் குறைவு. தம்பி பார்த்த வண்டி விளம்பரத்தில் நடுத்தட்டில் நின்றது, ஆனால் உண்மையில் முதல் தட்டின் மேல் பக்கத்தில் இருந்தது. 13,500க்கும் 9,000க்கும் உள்ள வித்தியாசம் அவருடைய பல மாதச் சேமிப்பு.

1996 வண்டி 2008 வண்டியைவிட மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. பழையதையே தேடிப் போகும் ரசிகர்களும் இருக்கிறார்கள். எந்த வண்டிக்கு விலை பேசுகிறோமோ, அந்த வண்டிக்கான விலையைப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

படத்துக்கு எட்டாத விஷயமும் உண்டு. பிஸ்டனும் கிராங்க் பேரிங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எந்தப் படமும் காட்டாது. அதற்கு, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது உதைத்துக் கிளப்பி, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளதும் ஒன்றா என்று நேரில் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். அவை ஒத்துப்போகாவிட்டால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றுவது சிக்கலாகிவிடும். அது திருட்டு இயந்திரமாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கோடு போய்ப் பார்த்தார். எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. 9,200 வெள்ளிக்குப் பேச்சு முடிந்தது. விற்பவர் பரணில் கிடந்த பழைய கம்பெனி எக்சோஸையும் தேடி எடுத்து இலவசமாகக் கொடுத்தாராம். இப்போது தம்பி செவ்வக விளக்கு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார், வண்டிக்கு அதன் சொந்த முகத்தைத் திரும்ப மாட்ட.