ஒன்றரை நிமிடத்தில் மறுமை

மதங்களின் மறுமை நம்பிக்கைகளை அடுத்தடுத்துச் சொல்லும் சிறு காணொளியைக் கீழ்பென்னாத்தூரில் எடுக்கும் தோழர்கள், திருவண்ணாமலை பக்கத்துப் பள்ளிகொண்டாப்பட்டில் தொடங்கலாம். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு, மாசி மகத்தன்று அண்ணாமலையாரே மகனாக வந்து அங்கே திதி கொடுக்கிறார். இறந்தவர் மகன் கைநீருக்குக் காத்திருக்கிறார் என்கிற நம்பிக்கை இது. ‘இந்து என்றால் மறுபிறவி’ என்று ஒரு வரியில் முடித்தால் இது விடுபட்டுவிடும்.

மறுபிறவியைச் சொன்னால் முழுதாகச் சொல்லுங்கள். நல்நடத்தை உள்ளவர் பிராமணர், சத்திரியர், வைசியராகவும், தீநடத்தை உள்ளவர் நாய், பன்றி, சண்டாளராகவும் பிறப்பார் என்கிறது சாந்தோக்கிய உபநிடதம் (5.10.7). மரியாதை கருதி இதை வெட்டினால், அந்த மரியாதை யாருக்கு?

இஸ்லாமியரின் மண்ணறை விசாரணையையும் கிறித்தவரின் உயிர்த்தெழுதலையும் ‘சொர்க்கம்’ என்ற ஒரே சொல்லில் அடைக்காமல், அவரவர் சொல்லிலேயே சொல்லுங்கள்.

பௌத்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை. ஆன்மா இல்லை, ஆனால் மறுபிறப்பு உண்டு என்பது கேட்பவரைக் குழப்பும். அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ (1957) நூலில் இதற்கு விடை தருகிறார்: உடலின் மண், நீர், நெருப்பு, காற்று இயற்கையில் கலந்து மீண்டும் சேர்கின்றன, கூடு விட்டுக் கூடு பாய ஆன்மா கிடையாது. அந்தக் கணக்கில், போன பிறவிப் பாவத்துக்காகச் சேரியில் பிறந்தவர் யாருமில்லை. உபநிடதக் காட்சிக்கு அடுத்தே இதை வையுங்கள்.