கண்ணு போயிடுமா தம்பி?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு எழுபது வயதிருக்கும். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். இனிப்பு நீர் வியாதி. ஒரு புதிய மாத்திரையின் மருத்துவ ஆய்வில் சேர்வதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். தமிழ் பேசும் மிஸ்ஸி அன்றைக்கு லீவு. படிவத்தை மொழிபெயர்த்தவன் என்பதால் வாசித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 'இது ஓர் இரட்டைக் குருட்டு ஆய்வாகும்' என்ற வரியை வாசித்தேன். பெரியவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கண்ணு போயிடுமா தம்பி?"

சர்க்கரை கூடிக் கண் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவருடைய லைனிலேயே இரண்டு பேர். அவரிடம் போய் 'குருட்டு' என்றால் வேறு என்ன நினைப்பார்? அந்த வார்த்தையைப் போட்டவன் நான். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே போட்டேன். எந்த மாத்திரை யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அதற்குத்தான் அந்தப் பெயர். இதை வாயால் சொன்னதும் பெரியவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பிறகு எதற்கு அந்த வார்த்தை?

இந்தப் படிவங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால்தான் என் கோபம் உங்களுக்கு விளங்கும். மருந்து நிறுவனத்திடமிருந்து ஆங்கிலப் படிவம் வரும். பதினைந்து, இருபது பக்கம். அதை ஒருவர் தமிழாக்குவார். அந்தத் தமிழை இன்னொருவர், மூலத்தைப் பார்க்காமல், மறுபடியும் ஆங்கிலமாக்குவார். இதற்குப் பின்மொழிபெயர்ப்பு என்று பெயர். பிறகு தமிழே தெரியாத ஒருவர் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒத்துப்போனால் சான்றிதழ். அதற்குப் பிறகு நெறிமுறைக் குழு, ஒப்புதல், அடிக்குறிப்பில் பதிப்பு எண்ணும் தேதியும். அதன்பின் ஒரு கமா மாற்ற வேண்டுமென்றாலும் குழுவுக்குத் திரும்பப் போக வேண்டும்.

'இரட்டைக் குருட்டு ஆய்வு' இந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியது. வாங்காமல் என்ன? பின்மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலம் படித்தவர். அந்த வார்த்தையைப் பார்த்ததும் அதன் பின்னால் இருக்கிற ஆங்கிலம் அவருக்குப் பளிச்சென்று தெரியும். இந்தச் சோதனை தமிழைச் சோதிக்கவே இல்லை. தமிழுக்குள்ளிருந்து ஆங்கிலத்தைத் தோண்டி எடுக்க முடிகிறதா என்றுதான் பார்க்கிறது. அதனால் ஆங்கிலத்தை எவ்வளவு ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ அவ்வளவு மார்க். பெரியவருக்குப் புரிகிற மாதிரி எழுதினால் மார்க் குறையும். தமிழ் மட்டுமே தெரிந்த ஓர் ஆள் இந்த வரிசையில் எங்கேயும் உட்காரவில்லை. அவர் முதன்முதலாக வருவது கையெழுத்துப் போடத்தான்.

இங்கே ஆங்கிலக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போகமாட்டேன். நம்மாட்களுக்கும் பங்கு இருக்கிறது. இந்த வேலைக்கு வருபவர்கள் என்னைப் போல இலக்கியம் படித்தவர்கள். கலைச்சொல் என்றால் நாக்கில் எச்சில் ஊறும். மருந்தே கலக்காத, பார்வைக்கு மட்டும் மருந்து மாதிரி இருக்கிற மாத்திரைக்கு 'மருந்துப்போலி' என்று ஒரு சொல் உண்டு. நல்ல ஆக்கம்தான். இலக்கணப் போலி படித்த நமக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது. நானும் அதைத்தான் போட்டேன். தோட்டத்தில் வளர்ந்த ஓர் அம்மாவிடம் அந்தப் பத்தியை வாசித்தபோது அவர் சொன்னது: "போலி மருந்தா? அத வித்தா போலீஸ் பிடிக்கும்ல?" அவர் சொன்னது சரி. நம் தெருவில் போலி என்றால் மோசடி. போலி டாக்டர், போலி ஐ.சி., போலி மருந்து. ஒப்புமை என்ற பழைய பொருள் நம்முடைய புத்தக அலமாரியில் இருக்கிறது, அவருடைய வாழ்க்கையில் இல்லை. 'மருந்து இல்லாத மாத்திரை' என்று எழுதினால் போதும். மூன்றே சொல். கலைச்சொல் அகராதியில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

ஆனால் வார்த்தையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்ததும் என் தவறு. அதை ஒரே ஒரு வாக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஆய்வில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. இரண்டு தரப்பும் வழக்கமான சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். யாருக்கு எது என்பதைக் கணினி எந்தக் கணக்கும் பார்க்காமல் பிரிக்கும். இதை நான் முதலில் 'நீங்கள் எழுமாற்று முறையில் ஒரு குழுவிற்கு ஒதுக்கப்படுவீர்கள்' என்று எழுதியிருந்தேன். என் பெரியம்மாவிடம் வாசித்தேன். 'எழுமாற்று' அவர் காதிலேயே ஏறவில்லை. 'ஒதுக்கப்படுவீர்கள்' மட்டும் ஏறியது. "எதுக்குடா என்னை ஒதுக்கணும்?" என்றார்.

சரி, 'குலுக்கல்' என்று மாற்றினேன். எல்லோருக்கும் தெரிந்த சொல். மறுபடி வாசித்தேன். பெரியம்மா உடனே புரிந்துகொண்டார், அதுவும் தப்பாக. வாரம் தவறாமல் நாலு நம்பர் எடுக்கிற ஊரில் குலுக்கல் என்றால் அடிப்பது. "அப்ப புது மாத்திரை கெடைச்சா எனக்கு விழுந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். புது மாத்திரை பரிசு, மற்றது வெறும் சீட்டு. புது மாத்திரை நல்லதா கெட்டதா என்பதே இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வே என்கிற விஷயம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போயிற்று. கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அது இன்னும் மோசம். அங்கே முடிவெடுப்பது சாமி, சாமி தப்பு செய்யாது.

மூன்றாவது தடவை வாசிக்காமல் பேசிப் பார்த்தேன். யாருக்கு எது என்று கணினி பிரிக்கும், டாக்டர் பிரிக்கமாட்டார் என்றேன். பெரியம்மா சிரித்தார். "சும்மா சொல்லுவாங்கடா. டாக்டருக்குத் தெரியாதா எனக்கு எது ஒத்துக்கும்னு?"

முடிச்சு அங்கேதான் இருந்தது. 1982இலேயே பால் அப்பெல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆய்வில் சேர்கிறவர்கள், அங்கே நடப்பதெல்லாம் தன் உடம்புக்கு எது நல்லது என்று பார்த்துத்தான் நடக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். நான் இதைச் சிகிச்சை மயக்கம் என்று சொல்வேன். (பாருங்கள், மறுபடியும் கலைச்சொல்.) பெரியம்மாவுக்குத் தெரிய வேண்டியது கணினி எப்படிப் பிரிக்கிறது என்பதல்ல. டாக்டர் அவருக்காக யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான். ஆங்கிலப் படிவம் அதை எங்கேயும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற வர்ணனையோடு முடித்துக்கொள்கிறது.

கடைசியில் நான் எழுதியது இது: 'உங்களுக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார். கணினி பிரிக்கும். உங்கள் சர்க்கரை கூடவா குறைவா, எந்த மாத்திரை உங்களுக்கு நல்லது என்றெல்லாம் பார்த்து அது பிரிக்காது. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்து இல்லாத மாத்திரை. புது மாத்திரை நல்லது செய்யுமா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது.'

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது வைத்தியம் இல்ல. பரிசோதிச்சுப் பாக்குறாங்க" என்றார். இந்த வாக்கியத்தை அவர் வாயால் சொல்லிவிட்டுச் சேர்ந்தால் அது சம்மதம். இதற்கு முன்னால் கைநாட்டு வைத்திருந்தால் அது வெறும் மை.

இதைப் பின்மொழிபெயர்ப்புக்கு அனுப்பினோம். கேள்விகள் சிவப்பு எழுத்தில் திரும்பி வந்தன. 'மூலத்தில் ஒரு வாக்கியம், மொழிபெயர்ப்பில் ஐந்து. ஏன்?' 'டாக்டர் முடிவு செய்யமாட்டார் என்பது மூலத்தில் இல்லை. நீக்கவும்.' 'எங்களுக்கே தெரியாது என்ற தொனி பங்கேற்பாளரைத் தயங்க வைக்கக்கூடும்.' கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். தயங்குவதற்குத்தானே ஐயா அந்தப் பத்தியே இருக்கிறது!

எளிமையாக எழுதினால் சட்டரீதியான துல்லியம் போய்விடும் என்பார்கள். துல்லியமான ஒரு வரியைத் தருகிறேன்: 'உங்களுக்கு உரித்தான நலன்களை இழக்காமலும் எவ்விதத் தண்டனைக்கும் உட்படாமலும் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.' அனைத்துலக நெறிமுறையில் இருக்கிற வாசகத்தின் சொல்லுக்குச் சொல் தமிழ். பெரியம்மா காதில் விழுந்தது 'தண்டனை' மட்டும்தான். அவர் பயந்துகொண்டிருந்தது வேறொன்றுக்கு. பாதியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாதாமாதம் வாங்குகிற மருந்து கிடைக்குமா? அடுத்த முறை போனால் டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவாரா? 'வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் வழக்கமான மருந்தை இதே இடத்தில் முன்பு போலவே வாங்கிக்கொள்ளலாம்' என்றால் அந்தச் சட்ட வாசகம் கொடுக்க நினைத்த உறுதி அவர் கைக்குப் போய்ச் சேரும். எது துல்லியம்?

எழுதப்படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலைச் சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. ஆய்வோடு சம்பந்தமில்லாதவர், விளக்குவதை முதலிலிருந்து கடைசி வரை கூடவே உட்கார்ந்து கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் போன அன்றைக்குச் சாட்சி வந்தது கடைசிப் பக்கத்துக்கு. பக்கத்து அறையிலிருந்து பேனாவோடு வந்தார். பெரியவருடைய கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அச்சுக்குப் போவதற்கு முன்னால், ஆங்கிலம் தெரியாத ஐந்து பேரிடம் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். 'புரிந்ததா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'வீட்டுக்குப் போய் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்' என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறுகிற இடத்தைத் திருத்துங்கள். இது புது யோசனையும் இல்லை. வலி எவ்வளவு, தூக்கம் எப்படி என்று நோயாளியிடம் கேட்கிற கேள்வித்தாள்களை மொழிபெயர்க்கும்போது இதே நிறுவனங்கள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. சில நோயாளிகளை உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்வியும் எப்படிப் புரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பதில்கள் அவர்களுக்கு வேண்டிய தரவு. தப்பாகப் புரிந்தால் ஆய்வு கெடும். சம்மதப் படிவம் தப்பாகப் புரிந்தால் கெடுவது பெரியவர் மட்டும்தான். நான் வேலை செய்த எந்தச் சம்மதப் படிவத்துக்கும் இதைச் செய்ததில்லை.

டாக்டர் முடிவு செய்யமாட்டார் என்ற வரியை ஐந்து மாதம் மின்னஞ்சலில் சண்டை போட்டுக் காப்பாற்றினேன். 'மருந்து இல்லாத மாத்திரை'யும் தப்பித்தது. 'இரட்டைக் குருட்டு' தப்பாக இல்லை, மூலத்தோடு ஒத்துப்போகிறது, அதனால் மாற்றக் காரணமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பதிப்பில், நான்காம் பக்கத்தில், அது இன்னும் இருக்கிறது.