தொண்ணூறு பவுணும் தொண்ணூற்றொன்பது டொலரும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற்றப்படும் அரிசி மூட்டை நெடுந்தீவில் இறங்கும்போது விலை கூடியிருக்கும். படகுக்கூலி, சுமைகூலி, கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாள்களின் நட்டம் எல்லாம் அதில் ஏறிக்கொள்கின்றன. தீவுப்பகுதியார் எவரும் இதனை அநியாயம் என்பதில்லை. தென்னிலங்கை நகரங்களில் தலைமுறைகளாகக் கடை நடத்தியவர்களின் பிள்ளைகள் அல்லவா! ஆனால், இணையத்தில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்குப் படகும் இல்லை, கூலியும் இல்லை. அதற்கும் நாட்டுக்கு நாடு வேறு விலை காட்டப்படும்போதுதான் நம்மவர் குழம்புகிறார்கள்.

எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இதனால் மனத்தாங்கலே ஏற்பட்டது. தமையன் ஊர்காவற்றுறையில், தங்கை லண்டனில், தம்பி ரொறன்ரோவில். பழைய குடும்பப் படங்களைச் செப்பனிட ஒரு மென்பொருளைப் பொதுச்செலவில் வாங்க எண்ணினார்கள். தமையனுக்கு டொலரிலும் தங்கைக்குப் பவுணிலும் தம்பிக்குக் கனேடிய டொலரிலும் விலை காட்டியது. தங்கை தன் விலையை டொலராக மாற்றிப் பார்த்து, தன்னைக் கொள்ளையடிக்கிறார்கள் என்றார். தம்பியோ தன் விலைதான் மலிவு என்றார். இருவர் கணக்கிலும் ஒரே ஓட்டை.

விளக்கத்துக்காக முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். தமையனுக்கு 99 அமெரிக்க டொலர், தங்கைக்கு 90 பவுண், தம்பிக்கு 135 கனேடிய டொலர். ஒரு பவுண் 1.30 அமெரிக்க டொலர் எனவும், ஓர் அமெரிக்க டொலர் 1.36 கனேடிய டொலர் எனவும் கொள்வோம். அப்படியாயின் 90 பவுண் 117 டொலர் ஆகிறது. பார்வைக்குப் பதினெட்டு டொலர் அதிகம். ஆனால், பிரித்தானியாவில் நுகர்வோருக்குக் காட்டும் விலையில் 20 சதவீதப் பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கும். கனடாவில் வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் சேரும். ஒன்ராறியோவில் அது 13 சதவீதம்.

வரியை நீக்குவதிலும் பலர் வழுக்குகிறார்கள். 90 பவுணில் 20 சதவீதத்தைக் கழித்தால் 72 வரும், அது பிழை. வரி சேருமுன் இருந்த விலையின் மீதுதான் அந்த 20 சதவீதம் கணிக்கப்பட்டது. எனவே 90ஐ 1.20ஆல் வகுக்கவேண்டும். 75 பவுண், அதாவது 97.50 டொலர். தம்பியின் 135 கனேடிய டொலரும் ஏறத்தாழ 99 அமெரிக்க டொலரே. விற்பவர் மூவரிடமும் கிட்டத்தட்ட ஒரே தொகையைத்தான் கேட்டிருக்கிறார்.

விற்பவர் நேர்மையாக நடக்கிறாரா என்பது ஒரு கேள்வி. அதற்கு வரி நீக்கிய விலையை ஒப்பிடவேண்டும். யார் வாங்கினால் குடும்பத்துக்கு இலாபம் என்பது வேறு கேள்வி. அதற்குச் சட்டைப்பையிலிருந்து உண்மையில் போகும் தொகையை ஒப்பிடவேண்டும். தங்கைக்குப் போவது 117 டொலர். தம்பிக்கு வரியுடன் 152.55 கனேடிய டொலர், அதாவது ஏறத்தாழ 112 அமெரிக்க டொலர். தமையனுக்கு 99 டொலருடன் வங்கி தன் மாற்று வீதத்தில் வைத்துக்கொள்ளும் இலாபமும் சேரும். அது 3 சதவீதம் என்றால் 102 டொலர் அளவில் முடியும். விற்பவர் இலங்கை வரி எதையும் சேர்க்காதவரை அவர் அட்டையே சிக்கனம்.

எல்லா விலையும் இவ்வாறு கணக்கில் ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய நிறுவனங்கள் அன்றாட நாணய வீதத்தைப் பார்த்து விலை வைப்பதில்லை. ஒவ்வொரு நாணயத்துக்கும் தனியாக ஒரு விலையைக் கட்டி, நெடுநாள் அப்படியே விட்டுவிடுகின்றன. 2022இல் டொலர் ஏறியபின், அவ்வாண்டு ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் தன் செயலிக்கடையில் யூரோ, யென் விலைகளை உயர்த்தியது, 0.99 யூரோவாக இருந்தது 1.19 ஆயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் யென்னில் வாங்கியவர், டொலரில் கணக்கிட்டால், மலிவாக வாங்கியிருப்பார். வாங்குவோரின் வருவாயைப் பார்த்தும் விலை வைப்பதுண்டு. 2021 டிசம்பரில் நெற்பிளிக்ஸ் இந்தியாவில் கைப்பேசித் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாய்க்கு இறக்கியது. அதனைக் கனடாவின் திட்டத்தோடு ஒப்பிடுமுன், அது கைப்பேசி, கைக்கணினித் திரைகளுக்கு மட்டுமான திட்டம் என்பதைக் கவனிக்கவேண்டும். பெயர் ஒன்றாயிருந்தால் பண்டமும் ஒன்றாகிவிடாது.

நம் நாட்டில் டொலர் விலை மாறாமலே பொருள் எட்டாக்கனியாகிய காலமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,000 ரூபாயாக இருந்த பத்து டொலர், மே மாதத்தில் 3,600ஐத் தாண்டியது. ஆகவே ஒப்பிடும் எல்லா விலைகளும் ஒரே நாளைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும்.

இன்னொன்று. டொலர் விலைக்குப் பக்கத்தில் 'உங்கள் நாணயத்திலேயே செலுத்துங்கள்' என்று சில தளங்கள் உபசரிக்கும். அந்த மாற்று வீதம் விற்பவர் தரப்பில் வைப்பது. பெரும்பாலும் நம் வங்கியின் வீதத்தை விட மோசமானது. அங்கே காட்டும் ரூபாய்த் தொகையை டொலர் விலையால் வகுத்துப் பாருங்கள். வருவது வங்கியின் அன்றைய அட்டை வீதத்துக்கு மேலே இருந்தால், டொலரையே தெரிவுசெய்யலாம்.

தமையன் தன் அட்டையிலேயே வாங்கினார். மற்ற இருவரும் தங்கள் பங்கை அனுப்பினார்கள், அனுப்புகூலி தனி.