முன்பணம் நாட்களைத் தின்னும் விதம்

பெங்களூருவின் கட்டுமானத் தளங்களில் சனிக்கிழமை மாலை கூலிப் பட்டுவாடா நடக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்த கொத்தனார்களும் சித்தாள்களும் வரிசையில் நிற்க, மேஸ்திரி மஸ்டர் ரோலைப் பார்த்துப் பெயர் சொல்லி ரொக்கத்தை எண்ணிக் கொடுப்பார். பெற்றவர் கையெழுத்திடுவார் அல்லது கைநாட்டு வைப்பார். இம்முறையில் ஏமாற்று நிகழுமிடம் ரொக்கம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது, முன்பணம் எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். நாட்கூலி 700 ரூபாய் பெறும் ஒரு சித்தாள், மருத்துவச் செலவுக்காக 4,200 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். வாரத்துக்கு 700 ரூபாய் பிடிப்பதாக ஒப்பந்தம். அவர் ஆறு நாள் உழைக்கிறார். முறையான பதிவில் நாட்கள் 6, கூலி 4,200, முன்பணப் பிடித்தம் 700, கையில் 3,500, நிலுவை 3,500 என்றிருக்கும். ஆறு வாரங்களில் கடன் தீர்ந்துவிடும்.

மற்றொரு வழியும் உண்டு. பிடித்தத்துக்குப் பத்தியே இல்லாமல், மஸ்டரில் ஒரு நாளுக்கு வருகையின்மைக் குறி இடப்படுகிறது. நாட்கள் 5, கூலி 3,500, கையில் 3,500. தொழிலாளியின் கைக்கு வரும் தொகையில் ஒரு ரூபாயும் மாறவில்லை. ஆகவே அவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் ஏட்டின்படி அவர் திருப்பிச் செலுத்தியது எதுவுமில்லை. ஆறு வாரம் கழித்து மேஸ்திரியின் குறிப்பேட்டில் அதே 4,200 ரூபாய் நின்றால், அதை மறுக்க அவரிடம் சான்று கிடையாது.

இழப்பு அத்துடன் நிற்பதுமில்லை. சட்டப்படி நலவாரியப் பயனாளியாகப் பதிவுபெற, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும். அச்சித்தாள் அந்த ஆண்டில் பதினைந்து வாரம் உழைத்தால் சரியாக 90 நாள் ஆகும். ஆறு வாரங்களில் வாரம் ஒரு நாள் அழிக்கப்பட்டிருந்தால், மஸ்டரில் 84 நாளே தெரியும். ஆறு நாள் உழைப்பு காகிதத்தில் மறைந்ததால், ஓய்வூதியத்துக்கும் விபத்து உதவிக்கும் வாயிலான பதிவே தடைப்படக்கூடும்.

ஏடும் கையும் வேறுபடுவது புதிதன்று. 1982இல் ஆசிய விளையாட்டுத் திட்டங்கள் குறித்த வழக்கில், நாளொன்றுக்கு 9.25 ரூபாய் குறைந்தபட்சக் கூலி ஜமேதார்கள் வழியே கொடுக்கப்பட்டு, அவர்கள் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொள்ள, தொழிலாளிக்கு 8.25 ரூபாயே சேர்ந்ததை உச்ச நீதிமன்றம் கண்டது. அங்கு பணம் குறைந்தது. இங்கு நாள் குறைகிறது. பணக் குறைவைத் தொழிலாளி எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். நாட்குறைவு அவர் பார்க்காத ஏட்டில் நிகழ்கிறது.

வங்கிக் கணக்கில் கூலி செலுத்துவது இதற்குத் தீர்வாகாது. வங்கிப் பதிவு கையில் சேர்ந்த 3,500 ரூபாயை மட்டுமே காட்டும். அது ஐந்து நாள் கூலியா, ஆறு நாள் கூலியில் பிடித்தம் போக மீதியா என்பதைக் காட்டாது. ரொக்கக் கூலியைச் சட்டமும் பொதுவாகத் தடுக்கவில்லை. முன்பணப் பிடித்தத்துக்கோ அது வரம்பு வகுத்திருக்கிறது. ஊதியச் சட்டத்தொகுப்பின்படி மொத்தப் பிடித்தம் கூலியில் பாதியைத் தாண்டலாகாது. வேலை தொடங்குமுன் பயணச் செலவுக்காகக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடிக்கவே கூடாது. ஊரிலிருந்து ஆள் அழைத்துவரும் பேருந்துக் கட்டணத்தைக் கடனாக எழுதும் மேஸ்திரி இவ்விதியை மீறுகிறார். ஆனால் பிடித்தம் என்றே எழுதப்படாத பிடித்தத்தை எந்த வரம்பும் தொடாது. நாட்குறைப்பின் வசதியே அதுதான்.

இதைக் கண்டறிவது கடினமன்று. முன்பணம் வாங்கியோர் பட்டியலை மஸ்டருக்கு அருகில் வைத்துப் பார்த்தால் போதும். வாங்கியவர்களுக்கு மட்டும் வாரந்தோறும் ஒரு நாள் தவறாமல் விடுபட்டு, வாங்காதவர்களுக்கு அவ்வாறு இல்லையென்றால், அது நோயோ விடுப்போ அன்று, கடன் வசூல். தளத்தின் நுழைவாயில் பதிவேடு அதை உறுதிசெய்யும்.

ஆகவே கோர வேண்டியது எளியது. வருகைக் குறி அன்றன்றே இடப்பட வேண்டும். பட்டுவாடா நாளில் அதை எவரும் திருத்தலாகாது. முன்பணத்துக்குத் தனிப் பத்தி வேண்டும்: வாங்கியது, இவ்வாரம் பிடித்தது, மீதி நிற்பது. இவை அடங்கிய சீட்டு தொழிலாளி படிக்கும் மொழியில் அவர் கைக்குச் சேர வேண்டும். கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர் வைக்கும் கைநாட்டு, பணம் பெற்றதற்கு மட்டுமே சான்று. எத்தனை நாள் உழைத்தார் என்பதற்கு அவர் அளித்த ஒப்புதலாக அதை எவரும் வாசிக்கலாகாது.